அந்த ரீல் ஏன் ஓடியது?

ஒரு கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் டிஜிட்டல் மார்க்கெட்டிங் இன்டர்னுக்கு மாதக் கடைசியில் ஒரு வேலை தவறாமல் வரும். அந்த மாதம் போட்ட பதிவுகளில் எது நன்றாக ஓடியது, எதனால் ஓடியது என்று ஒரு பக்க அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் கேள்விக்கு விடை எளிது. 'இன்சைட்ஸ்' பகுதியைத் திறந்தால் வியூஸ், ரீச், லைக், கமெண்ட், சேவ், ஷேர் என்று எண்கள் வரிசையாக நிற்கும். இரண்டாவது கேள்விக்கான விடை அந்தத் திரையில் எங்கும் இல்லை. அதை எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கமெண்டுகளைப் படித்து, வேறு காரணங்கள் இருக்க முடியுமா என்று தட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் ஒவ்வொரு எண்ணும் எதை எண்ணுகிறது என்பது தெளிவாக வேண்டும். ரீச் என்பது அந்தப் பதிவு குறைந்தது ஒரு முறையாவது எத்தனை கணக்குகளின் திரையில் வந்தது என்பது. வியூஸ் என்பது மொத்தம் எத்தனை முறை வந்தது என்பது. ஒருவர் ஒரே ரீலை ஐந்து முறை பார்த்தால் வியூஸ் ஐந்து, ரீச் ஒன்று. இதிலிருந்து ஒரு விதி வருகிறது: வியூஸைக் கூட்டலாம், ரீச்சைக் கூட்டக் கூடாது. மூன்று பதிவுகளின் ரீச் தலா 3,000 என்றால் 9,000 பேரைச் சென்றடைந்ததாக எழுதுவது தவறு. மூன்றையும் பார்த்தவர்கள் பெரும்பாலும் அதே ஆட்களாகவே இருக்கலாம். மாதம் முழுவதற்குமான ரீச்சை இன்சைட்ஸ் தனியாகக் கணக்கிட்டுக் காட்டும். அறிக்கையில் அந்த எண்ணைத்தான் எடுத்தாள வேண்டும்.

ஒரே பெயர் எல்லா இடத்திலும் ஒரே பொருளைத் தருவதும் இல்லை. யூடியூப் 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் வீடியோ ஓடத் தொடங்கிய கணத்திலேயே ஒரு வியூ என்று எண்ணத் தொடங்கியது. இத்தனை நொடி பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பழைய முறைக் கணக்கு 'எங்கேஜ்டு வியூஸ்' என்ற பெயரில் பகுப்பாய்வுப் பக்கத்தில் தனியாகத் தொடர்கிறது. அந்தத் தேதிக்கு முந்தைய வியூஸையும் பிந்தைய வியூஸையும் ஒரே வரைபடத்தில் போட்டு 'வளர்ச்சி' என்று காட்டுபவர், எண்ணும் முறை மாறியதைத்தான் வளர்ச்சி என்கிறார். இன்ஸ்டாகிராமும் 2024-இல் ரீல், ஸ்டோரி, படம் எல்லாவற்றுக்கும் வியூஸையே முதன்மை அளவாக்கியது. அதனால் பழைய அறிக்கைகளில் 'இம்ப்ரெஷன்ஸ்', 'ப்ளேஸ்' என்று இருக்கும் எண்களோடு இன்றைய வியூஸை ஒப்பிடும் முன் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்.

வகுக்கும் எண் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பேஸ்புக்கே ஒரு சான்று. 2016 செப்டம்பரில், வீடியோக்களைச் சராசரியாக எத்தனை நொடி பார்க்கிறார்கள் என்ற எண்ணை நீண்ட காலமாக மிகையாகக் காட்டிவந்ததை அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. மொத்தப் பார்வை நேரத்தை எல்லாப் பார்வைகளாலும் வகுக்காமல், மூன்று நொடிக்கு மேல் நீடித்த பார்வைகளால் மட்டும் வகுத்ததுதான் பிழை. ஒரு நொடியில் தள்ளிவிட்டுப் போனவர்கள் கணக்கிலேயே வராததால் சராசரி வீங்கிப்போனது. 60 முதல் 80 சதவீதம் வரை மிகையாக இருந்திருக்கலாம் என்று விளம்பரத் துறையினரிடம் சொல்லப்பட்டது. கூட்டல் கழித்தலில் தவறே இல்லை. கீழே போட வேண்டிய எண்ணைத் தேர்ந்ததில்தான் தவறு.

இன்டர்ன் எழுதும் அறிக்கைகளிலும் பிழை பெரும்பாலும் அதே இடத்தில்தான் நுழைகிறது. 'எங்கேஜ்மென்ட் ரேட்' என்று ஒரு சதவீதம் எல்லா அறிக்கைகளிலும் இருக்கும். லைக், கமெண்ட், சேவ், ஷேர் நான்கையும் கூட்டி எதனாலோ வகுத்தால் அது கிடைக்கும். அந்த 'எதனாலோ' என்பதில்தான் சிக்கல். சிலர் ஃபாலோயர் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள், சிலர் ரீச்சால், சிலர் வியூஸால். எதனால் வகுத்தது என்று சொல்லாத சதவீதத்துக்குப் பொருளே கிடையாது.

இதை ஒரு கற்பனைக் கணக்கில் விரிவாகப் பார்க்கலாம். சுங்குடிச் சேலை விற்கும் சிறிய கடை ஒன்று. இன்ஸ்டாகிராமில் 8,400 ஃபாலோயர்கள். ஒரு மாதத்தில் 12 பதிவுகள். அவற்றில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, புதுச் சுங்குடிச் சேலையைச் சாயம் போகாமல் முதல் முறை எப்படி நனைப்பது என்று காட்டும் 34 நொடி ரீல். வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி கல்லுப்பு கரைத்து, சேலையைத் தனியாக ஊறப் போட்டு, முறுக்காமல் எடுத்து நிழலில் உலர்த்துவது வரை அதில் இருக்கிறது. மற்றொன்று, கடையின் ஆண்டு விழா அன்று முதலாளியும் பணியாளர்களும் சேர்ந்து நிற்கும் ஒரு படம்.

ரீலுக்கு ரீச் 41,000. லைக் 1,150, கமெண்ட் 96, சேவ் 1,480, ஷேர் 1,230. மொத்தம் 3,956. ஆண்டு விழாப் படத்துக்கு ரீச் 2,600. லைக் 410, கமெண்ட் 62, சேவ் 6, ஷேர் 9. மொத்தம் 487.

ஃபாலோயர் எண்ணிக்கையால் வகுத்தால் ரீலுக்கு 47 சதவீதம், படத்துக்கு 5.8 சதவீதம். ரீல் எட்டு மடங்கு மேல். ரீச்சால் வகுத்தால் ரீலுக்கு 9.6 சதவீதம், படத்துக்கு 18.7 சதவீதம். இப்போது படம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே பதிவுகள், அதே எண்கள். வகுத்தி மாறியதும் வென்றவர் மாறிவிட்டார். அறிக்கை எழுதுபவர் தனக்குப் பிடித்த முடிவுக்கு ஏற்ற வகுத்தியை எடுத்துக்கொள்ள முடியும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. தெரிந்து செய்பவர்கள் குறைவு. டேஷ்போர்டு எதைக் காட்டியதோ அதை அப்படியே எடுத்து ஒட்டுபவர்கள்தான் அதிகம்.

இரண்டு விடைகளில் எது சரி? இரண்டுமே அவற்றின் கேள்விக்குச் சரியானவை. படம் ஏன் அவ்வளவு உயர்ந்த விகிதம் பெற்றது என்று பார்த்தால் இது விளங்கும். அதைப் பார்த்தவர்களில் 94 சதவீதம் பேர் ஏற்கெனவே ஃபாலோ செய்பவர்கள். கடையை அறிந்தவர்கள், முதலாளியின் உறவினர்கள், பழைய வாடிக்கையாளர்கள். அவர்கள் லைக் போட்டு வாழ்த்துச் சொல்வது இயல்பு. ரீலைப் பார்த்தவர்களில் ஃபாலோயர்கள் 9 சதவீதம்தான். மீதி 91 சதவீதம் கடையின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள். அறியாதவர்களின் கூட்டத்துக்குள் ஒரு பதிவு போகப் போக, விகிதம் இறங்கத்தான் செய்யும். ஆகவே ரீச்சால் வகுத்த சதவீதத்தை ஒப்பிடும்போது, ஃபாலோயர் பங்கு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் பதிவுகளையே பக்கத்தில் வைக்க வேண்டும். ரீலுக்கு ரீல், படத்துக்குப் படம்.

மொத்தக் கூட்டலையும் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு நான்கு செயல்களையும் தனித்தனியாகப் பார்ப்பது இன்னும் நல்லது. லைக் என்பது விரல் நுனியில் முடிந்துபோகிற செயல். சேவ் செய்பவர் பின்னால் தேவைப்படும் என்று நினைக்கிறார். ஷேர் செய்பவர் தன் அக்காவுக்கோ தோழிக்கோ இது உதவும் என்று நினைக்கிறார். ரீலின் ரீச்சில் 3.6 சதவீதம் பேர் சேவ் செய்திருக்கிறார்கள், 3 சதவீதம் ஷேர். ஆண்டு விழாப் படத்துக்கு இவை முறையே 0.2, 0.3 சதவீதம். லைக்கில் நேர் எதிர்: படத்துக்கு 15.8, ரீலுக்கு 2.8. படத்தை வாழ்த்தினார்கள், ரீலைப் பயன்படுத்த எடுத்துவைத்தார்கள் என்று இதைப் படிக்கலாம். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில், பதிவுகளை வரிசைப்படுத்துவதில் அதிக எடை பெறுபவை பார்வை நேரம், லைக், பிறருக்கு அனுப்பப்படுவது ஆகிய மூன்றும் என்றார். ஃபாலோயர்களிடம் கொண்டுசேர்ப்பதில் லைக்குக்குச் சற்றுக் கூடுதல் பங்கு, அறியாதவர்களிடம் கொண்டுசேர்ப்பதில் அனுப்பப்படுவதற்குக் கூடுதல் பங்கு என்றும் சேர்த்துச் சொன்னார். நம் இரண்டு பதிவுகளும் அதோடு ஒத்துப்போகின்றன. ஆனால் ஒத்துப்போவது நிரூபணம் ஆகாது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

41,000 என்ற ரீச் உண்மையில் எவ்வளவு பெரியது என்று சொல்ல, அந்தக் கணக்கின் வழக்கமான அளவு தெரிய வேண்டும். பலர் இங்கே சராசரியைப் போடுகிறார்கள். மற்ற 11 பதிவுகளின் ரீச் கூடி 34,000 என்று வைத்துக்கொண்டால், 12 பதிவுகளின் சராசரி 6,250 வரும். ஆனால் அந்த மாதத்தில் எந்த சாதாரணப் பதிவும் 6,250-ஐ நெருங்கவே இல்லை. ஒரே ஒரு ரீல் சராசரியைத் தூக்கிவிட்டது. அடுத்த மாதம் எல்லாப் பதிவுகளும் வழக்கம்போல ஓடினாலும் 'பாதிக்குமேல் வீழ்ச்சி' என்று அறிக்கை சொல்லும். முதலாளி காரணம் கேட்பார். இல்லாத காரணத்தை இன்டர்ன் தேடுவார். இதைத் தவிர்க்க இடைநிலையைப் பயன்படுத்த வேண்டும். 12 எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்கும் இரண்டின் சராசரியை எடுப்பதுதான் இடைநிலை. கூகுள் ஷீட்டில் இதற்கு ஒரு வரி போதும்:

```
=MEDIAN(B2:B13)
```

நம் கணக்கில் அது 2,900 என்று வந்தால், ரீல் வழக்கத்தைப் போல 14 மடங்கு சென்றிருக்கிறது என்று எழுதலாம். முதலாளிக்கும் அது உடனே புரியும்.

எண்களை எடுக்கும் நாளிலும் ஒரு பொறி இருக்கிறது. மாதக் கடைசி நாளில் உட்கார்ந்து எல்லாப் பதிவுகளின் எண்களையும் ஒரே மூச்சில் எடுத்தால், முதல் வாரத்தில் போட்ட ரீலுக்கு நான்கு வாரம் ஓடக் கிடைத்திருக்கும், நேற்று முன்தினம் போட்டதற்கு இரண்டு நாள்தான். ரீல்கள் வாரக்கணக்கில் மெதுவாக ஏறும் இயல்புடையவை என்பதால் இந்த வேறுபாடு சிறியதல்ல. ஒவ்வொரு பதிவுக்கும் 24 மணி நேரத்திலும் ஏழாம் நாளிலும் எண்களை ஒரு ஷீட்டில் குறித்துவைக்கும் பழக்கம் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே வயதில் வைத்து ஒப்பிடலாம். அலுப்பான வேலைதான். இது இல்லாமல் எழுதப்படும் ஒப்பீடு எதையும் நம்ப முடியாது.

இனி 'ஏன்' என்ற கேள்வி. ரீலின் உள்ளே எங்கே என்ன நடந்தது என்பதைப் பார்வைத் தக்கவைப்பு வரைகோடு காட்டும். வீடியோவின் ஒவ்வொரு நொடியிலும் எத்தனை சதவீதம் பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் அந்தக் கோடு. நம் கடையின் மற்ற ரீல்களில் மூன்றாம் நொடிக்குள் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். இந்த ரீலில் மூன்றாம் நொடியில் 71 சதவீதம் பேர் இருக்கிறார்கள். அந்த மூன்று நொடியில் திரையில் என்ன இருந்தது என்று திரும்பப் போட்டுப் பார்த்தால், வெள்ளை வாளித் தண்ணீரில் அரக்குச் சிவப்புச் சாயம் புகைபோல இறங்குகிற காட்சி. மற்ற ரீல்கள் எல்லாம் கடையின் பெயர்ப் பலகையிலோ 'வணக்கம்' என்ற பேச்சிலோ தொடங்குகின்றன. இன்னோர் இடமும் கண்ணில் படுகிறது. 19-ஆம் நொடியிலிருந்து 22-ஆம் நொடி வரை கோடு சரியாமல் மட்டமாக நிற்கிறது. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு உப்பு என்று திரையில் எழுத்து வருகிற இடம் அது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் அங்கே நகரவில்லை.

அடுத்து கமெண்டுகளைக் கையால் படிக்க வேண்டும். எண்ணிக்கையோடு நிற்கக் கூடாது. 96 என்பதில் கடையே எழுதிய பதில்களும் சேர்ந்திருக்கும். 30 பேருக்குப் பதில் சொல்லியிருந்தால் வெளியாட்கள் எழுதியவை 66 மட்டுமே. அந்த 66-ஐ நான்கைந்து வகையாகப் பிரித்துக் குறித்தால் வேலை அரை மணி நேரத்தில் முடியும். "கல்லுப்பு இல்லன்னா தூள் உப்பு போடலாமா?", "காட்டன் சுடிதாருக்கும் இதே மாதிரி செய்யலாமா?" என்கிற வகைக் கேள்விகள் 38. தோழியின் பெயரைக் குறிப்பிட்டு அழைத்தவை 15. விலை கேட்டவை 7. புகார் 2: இப்படிச் செய்தும் சாயம் போனது என்பவை. மீதி நான்கும் இதயக் குறிகள். கேள்விகள் பாதிக்கும் மேல் என்பது, சேவ் எண்ணிக்கை சொன்னதை வேறொரு பக்கத்திலிருந்து உறுதிசெய்கிறது. அந்த இரண்டு புகார்களும் எண்ணிக்கையில் சிறியவை. ஆனால் கடைக்கு அவையே முதலில் போய்ச் சேர வேண்டிய செய்தி.

கமெண்ட் அதிகமானால் வரவேற்பு அதிகம் என்று முடிவுகட்டுவது தவறு என்பதைச் சமூக ஊடக நிறுவனங்களே பட்டுத்தான் கற்றன. பேஸ்புக் 2017-இல் கோபக் குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு, லைக்கைப் போல ஐந்து மடங்கு எடை கொடுத்துப் பதிவுகளை வரிசைப்படுத்தியது. கோபக் குறி அதிகம் வாங்கும் பதிவுகளில் பொய்த் தகவலும் வசையும் கூடுதலாக இருப்பதை நிறுவனத்தின் ஆய்வாளர்களே பின்னர் கண்டார்கள். 2020-இல் கோபக் குறியின் எடை பூஜ்யமாக்கப்பட்டது. 2021-இல் வெளியான உள் ஆவணங்கள் வழியாகத்தான் இது உலகுக்குத் தெரிந்தது. எங்கேஜ்மென்ட் என்ற கூட்டலுக்குள் திட்டும் வாழ்த்தும் ஒரே எண்ணாக நிற்கும்; பிரித்துப் பார்ப்பது படிப்பவரின் வேலை.

பரிசுப் போட்டிப் பதிவுகளில் இது வேறு வடிவில் வரும். 'மூன்று தோழிகளை டேக் செய்யுங்கள், ஒரு சேலை பரிசு' என்று அந்தக் கடை போட்ட பதிவுக்கு ரீச் 5,200, கமெண்ட் 640. ரீச்சால் வகுத்தால் கமெண்ட் மட்டும் 12 சதவீதத்துக்கு மேல். அந்த மாதத்தின் எந்தப் பதிவும் பக்கத்தில் வர முடியாது. ஆனால் 640-இலும் பெயர்கள்தான். கேள்வி இல்லை, விலை விசாரிப்பு இல்லை. அந்த வாரம் 300 பேர் புதிதாக ஃபாலோ செய்து, பரிசு அறிவித்த மறுநாளிலிருந்து 210 பேர் வெளியேறினார்கள். இப்படிப்பட்ட பதிவை மற்றவற்றோடு ஒரே பட்டியலில் தரவரிசைப்படுத்தாமல், தனிப் பத்தியில் வைப்பதே முறை.

ரீலின் வெற்றிக்குக் காரணம் அதன் தொடக்கக் காட்சியும் பயனுள்ள தகவலும்தான் என்று இப்போது எழுதிவிடத் தோன்றும். அதற்கு முன் வேறு விளக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். யாராவது அதைக் காசு கொடுத்து பூஸ்ட் செய்தார்களா? செய்திருந்தால் விளம்பரத்தால் வந்த பங்கை இன்சைட்ஸ் பிரித்துக் காட்டும். இங்கே இல்லை. வேறொரு பெரிய கணக்கோடு கொலாப் பதிவாகப் போடப்பட்டதா, அல்லது பெரிய கணக்கு ஏதாவது தன் ஸ்டோரியில் எடுத்துப் போட்டதா? முதலாவது பதிவின் தலைப்பிலேயே தெரியும். இரண்டாவதை நாள்வாரி ஏற்றத்தில் ஊகிக்கலாம்: ஒரே நாளில் செங்குத்தாக ஏறி மறுநாளே படுத்துவிட்டால் வெளியிலிருந்து ஒரு தள்ளுதல் இருந்திருக்கும். இந்த ரீல் எட்டு நாள் சீராக ஏறியிருக்கிறது. ஆடித் தள்ளுபடிக் காலம் என்பதால் சேலை தொடர்பான எல்லாமே ஓடியதா? அதற்கு முந்தைய நாளும் மறுநாளும் போட்ட சேலைப் பதிவுகளின் ரீச் 3,000, 2,700. வழக்கமான அளவுதான். பருவம் காரணமாக இருந்தால் அவையும் ஏறியிருக்க வேண்டும். அப்போது புழக்கத்தில் இருந்த பாட்டு பின்னணியில் ஓடியதா? ஓடவில்லை, தண்ணீர்ச் சத்தமும் பேச்சும்தான்.

இவ்வளவு செய்த பிறகும் இரண்டு விளக்கங்கள் பின்னிக்கொண்டு நிற்கின்றன. சாயம் இறங்கும் காட்சிதான் இழுத்ததா, உப்பு அளவு என்ற தகவல்தான் பரவச் செய்ததா? இரண்டும் ஒரே ரீலுக்குள் இருப்பதால் அந்த ரீலை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிரிக்க முடியாது. அடுத்த பதிவுகளைக் கொண்டுதான் பிரிக்க முடியும். நல்ல இன்டர்ன் அறிக்கையோடு இரண்டு புதிய ரீல்களுக்கான திட்டத்தையும் தருவார். ஒன்று, தகவல் அதே வகை, தொடக்கம் சாதாரணம்: பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடுவது எப்படி என்பதை வழக்கமான 'வணக்கம்' தொடக்கத்தோடு. மற்றொன்று, தொடக்கம் அதே வகை, உள்ளே தகவல் இல்லை: வண்ணம் தண்ணீரில் இறங்கும் காட்சியில் தொடங்கி, புதுச் சேலைகளின் விலையைச் சொல்வது.

அவை ஏழாம் நாளில் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்வோம். கஞ்சி ரீலில் மூன்றாம் நொடியில் 52 சதவீதம் பேர்தான் மிஞ்சினார்கள். ஆனால் இருந்தவர்கள் கடைசிவரை இருந்தார்கள், ஷேர் 2.6 சதவீதம், ரீச் 14,000. விலை ரீலில் மூன்றாம் நொடியில் 69 சதவீதம் பேர் இருந்தார்கள். பத்தாம் நொடிக்குள் கோடு சரிந்துவிட்டது, ஷேர் 0.3 சதவீதம், ரீச் 3,400. இப்போது படம் தெளிகிறது. காட்சி ஆளை நிறுத்துகிறது, தகவல் ஆளை அனுப்பவைக்கிறது. ரீச்சைக் கூட்டியது பெரும்பாலும் இரண்டாவதுதான். முதல் ரீலில் இரண்டும் சேர்ந்ததால் எண் அவ்வளவு உயர்ந்திருக்கலாம்.

'இருக்கலாம்' என்ற சொல் இங்கே அவசியம். இரண்டு ரீல்கள் கறாரான சோதனை ஆகாது. அவை வேறு நாளில், வேறு பொருளில், வேறு ஆட்களிடம் போயின. ஒரே மாதிரி இரண்டு ரீல்களைப் போட்டால்கூட ஒன்று 2,000, மற்றொன்று 5,000 என்று வருவது இந்தத் தளங்களில் அன்றாடம் நடப்பது. ஆகவே வழக்கமான அளவைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்கிற ஏற்றத்துக்கெல்லாம் காரணம் எழுதாமல் இருப்பதே நேர்மை. ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்றால் தேடலாம். சின்ன எண்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: ஷேர் நான்கிலிருந்து எட்டாக உயர்ந்தால் அது 100 சதவீத வளர்ச்சி என்று ஷீட் சொல்லும், உண்மையில் நடந்தது நான்கு பேர் கூடுதலாக ஒரு பொத்தானை அழுத்தியது.

அறிக்கையின் வாசகத்தில் இந்த வேறுபாடு எல்லாம் தெரிய வேண்டும். 'முதல் துவைப்பு ரீல் 41,000 ரீச்சுடன் வைரலானது. சுவாரஸ்யமான உள்ளடக்கமே காரணம்' என்று எழுதினால் அடுத்த மாதம் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. அதையே இப்படி எழுதலாம்: 'முதல் துவைப்பு ரீலின் ஏழு நாள் ரீச் 41,000, நம் வழக்கமான பதிவைப் போல 14 மடங்கு. பார்த்தவர்களில் 91 சதவீதம் பேர் புதியவர்கள். ஷேர் 3 சதவீதம். கமெண்டில் பாதிக்கு மேல் செய்முறைச் சந்தேகங்கள். பூஸ்ட், கொலாப், பருவம் ஆகியவை காரணமாகத் தெரியவில்லை. பராமரிப்புத் தகவலே பரவக் காரணம் என்று கருதுகிறோம். கஞ்சி ரீலும் அதையே காட்டுகிறது. உறுதிசெய்ய இன்னும் மூன்று பராமரிப்பு ரீல்கள் தேவை.' கண்டது எது, கருதுவது எது, இன்னும் தெரியாதது எது என்று மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன.

அறிக்கையைப் படித்ததும் கடை முதலாளி கேட்கப்போவது வேறொன்று: "நாப்பதாயிரம் பேர் பாத்தாங்க, சரி. எத்தனை சேலை போச்சு தம்பி?" இதற்கு இன்சைட்ஸில் விடை கிடையாது. ரீலைப் பார்த்தவர் வாரம் கழித்துக் கடைக்கு நேரில் வந்து வாங்கினால் எந்தத் திரையிலும் பதிவாகாது. வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய ரீலைப் பார்த்து வந்தவர் எங்கிருந்து வந்தார் என்பதும் தெரியாது. ஓரளவு பிடிக்க ஒரு வழி உண்டு. இது போன்ற கடைகளுக்கு ஆர்டர் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. பயோவில் வைக்கும் வாட்ஸ்அப் இணைப்பில், அனுப்புபவரின் பெட்டியில் முன்கூட்டியே ஒரு வாசகம் நிரம்பும்படி செய்யலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Sungudi%20Reel
```

அதைத் தட்டி வருபவரின் முதல் செய்தியில் 'Sungudi Reel' என்று இருக்கும். கடைக்காரர் அவற்றை எண்ணிக்கொள்ளலாம். இணையதளம் வைத்திருக்கும் கடை என்றால் இதே வேலையை இணைப்பின் முடிவில் சேர்க்கும் utm_source, utm_campaign குறியீடுகள் செய்யும். கல்லாவில் இருப்பவர் பில் போடும்போது "எங்க பாத்து வந்தீங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் கோடு போடுவதும் நல்ல தரவுதான், பல சமயம் மற்ற இரண்டையும்விட நம்பகமானது.

நம் கணக்கில் அந்த வாசகத்தோடு வந்த செய்திகள் 27, அவற்றில் சேலை வாங்கியவர்கள் 8 என்று வைத்தால், அறிக்கையில் 'குறைந்தபட்சம் 8 சேலை' என்று எழுத வேண்டும். வாசகத்தை அழித்துவிட்டு எழுதியவர்களும் நேரில் வந்தவர்களும் இதில் இல்லை என்பதால் 'குறைந்தபட்சம்'. 41,000-க்கு 8 என்று வகுத்துச் சதவீதம் போடுவதில் பயனில்லை. அந்த 41,000 பேரில் பலர் ஏற்கெனவே வீட்டில் சுங்குடி வைத்திருந்து, அதைத் துவைக்கும் வழி தேடியவர்கள்; அன்றே வாங்க வந்தவர்கள் அல்ல. விலை கேட்டு எழுதிய 7 பேருக்கும் பதில் போனதா, போன பிறகு என்ன ஆயிற்று என்பதையும் அதே பத்தியில் சேர்த்துவிட்டால் முதலாளியின் கேள்விக்குக் கையில் இருக்கும் தரவு அனுமதிக்கிற அளவுக்கு விடை கிடைத்துவிடும்.